கண்ணைக் கட்டிய துண்டு

எட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் ஒன்பதாவதாக ஒரு பிள்ளை வேண்டும். கோடை விடுமுறையைப் பற்றி நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். கண்டுபிடித்தபோது எனக்கு முப்பத்துநாலு வயது. நான் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். கணக்கு வாத்தியார் வராத நாளில் அவருடைய வகுப்பையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் வாத்தியார். பிள்ளைகளுக்கு என்னிடம் பயம் கிடையாது. அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உப்பளம் என்கிற பேட்டையில் குடியிருந்தோம். நாலு குடும்பத்துக்கு ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு பூவரச மரம். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூணு நாலு வருஷம் ஆகியிருந்தது. கொடி போனாலும் பேச்சு போகவில்லை. விடுமுறையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'வக்கான்ஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்த வக்கான்ஸ் இரண்டு மாதம். வெயிலோ முற்றத்தில் துணி காயப்போட்டால் கொடியில் போடும்போதே காய்ந்துவிடுகிற வெயில்.

மற்ற வருஷங்களில் அம்மாக்களிடம் ஒரு மருந்து இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மொத்தமாகக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மணி நேரம் படம். அப்புறம் ஆறு நாள் அந்தப் படத்தையே முற்றத்தில் நடித்துக்கொண்டிருக்குங்கள். அந்த வருஷம் ஊரில் கண்வலி பரவியிருந்தது. ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு உட்காருகிற இடத்துக்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொட்டகைக்குத் தடை. கிணற்றடியில் நாலு அம்மாக்களும் கூடி அதை முடிவு செய்த கையோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள்.

"வாத்தியாருக்கும் லீவுதானே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சும்மா குந்திக்கிட்டுதான இருக்காரு."

"சும்மாவா? மரத்தப் பாத்து வரையறேன்னு சொல்லிட்டு மரத்தடியில தூங்கறாரு," என்றாள் என் மனைவி. அவள் எனக்காக வாதாடினால் இப்படித்தான் இருக்கும்.

"அப்ப சரி. பசங்க அவருகிட்ட."

முதல் வாரம் நான் ஒரு மந்திரவாதி. பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பி. பனை ஓலையைச் சின்ன ரிப்பனாகக் கிழித்து மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தினால் காற்றாடி. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும், சர்ரென்று சுற்றும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். ஈர மணலில் நண்டு வளை தேடுவோம். பக்கத்தில் இருக்கும் காய்ந்த மணலைக் கொஞ்சம் வளைக்குள் விட்டு, அதே வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டே தோண்டினால் வழி தவறாமல் நண்டிடம் போய்ச் சேரலாம். இதை எட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். எட்டில் ஒன்று என் மகன். அவனும் பிளப்பான். வீட்டில் நான் சொல்வது எதற்கும் பிளக்காத வாய் அது.

இரண்டாவது வாரம் மந்திரம் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பொழுதுபோகாவிட்டால் என்ன செய்யும் என்பதைப் படம் வரையும் வாத்தியார்கள் கூர்ந்து பார்க்கிறதில்லை. தட்டானைப் பிடித்து வாலில் நூலைக் கட்டிக் கல்லைத் தூக்க வைத்தார்கள். அது தூக்கியது. இன்னும் பெரிய கல் கட்டினார்கள். வால் வந்துவிட்டது. புளியங்கொட்டையைக் கல்லில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் சும்மா இருக்கிறவன் தொடையில் வைத்தார்கள். உடைத்த வேப்பங்கொட்டையை மடக்கின விரல் முட்டியில் கூர்ப்பக்கமாக வைத்து ஓங்கி அடித்தார்கள். யாருக்கு ரத்தம் வருகிறதோ அவன் வீரன். ஒரே நாளில் எனக்கு மூன்று வீரர்கள் கிடைத்தார்கள். மூன்று அம்மாக்கள் வந்து கேட்டார்கள்.

"வாத்தியாரே, புள்ளைங்கள சந்தோசமா வச்சிக்கச் சொன்னோமா, ரத்தம் எடுக்கச் சொன்னோமா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, அண்ணி," என்றேன். சிரித்தார்கள். நான் எது சொன்னாலும் சிரிப்பார்கள். அந்த வசதி எனக்கு இருந்தது.

இப்போது ஒன்பதாவது பிள்ளையைச் சொல்ல வேண்டும்.

மூலைவீட்டில் ஒரு பெண் இருந்தாள். பத்து வயது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த நாட்டிலேயே ஏதோ ஒரு துறைமுக ஊரில் தங்கிவிட்டார். அம்மா இரண்டு வருஷம் முன்னால் அவரிடம் போய்விட்டாள். மகளுடைய பப்பியே, அதாவது காகிதங்கள், அப்போது சரியாகவில்லை. ஆகவே அவளைச் சித்தி வீட்டில் விட்டுப் போனார்கள். அந்த வருஷம்தான் எல்லாக் காகிதமும் வந்தன. கப்பல் மே மாதக் கடைசியில். அவளைக் கூடவே கூட்டிப்போகத் தெரிந்த ஒரு குடும்பமும் அதே கப்பலில் போகிறது. மீதி இருந்தது ஒரே ஒரு காகிதம். கப்பலுக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டர் பார்த்துப் பல், தோல், கண், அம்மைத் தழும்பு எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணில் கொஞ்சம் சிவப்பு இருந்தாலும் கையெழுத்து கிடையாது. கப்பலில் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று.

அதனால் அவளுடைய சித்தி அவளை ஜன்னலுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வெளியே வராதே, யாரோடும் சேராதே, கண்ணைக் கசக்காதே. அவள் சிலுவைப்பாடு பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கம்பிக்குப் பின்னால் இருந்து நாங்கள் விளையாடுவதைப் பார்ப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காது. அவள் கப்பலில் போகப் போகிறவள். அதையே சொல்லிக்கொண்டும் இருப்பாள். கப்பலில் ரொட்டிக்கு வெண்ணெய் கொடுப்பார்களாம். சித்தி அவளுக்கு ஒரு நீலக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காலர். ஜன்னல் வழியே அந்தக் கவுனைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாள்.

நான் அவளுக்கு 'கப்பல்காரி' என்று பேர் வைத்தேன். ஒரே மதியத்தில் பேர் ஒட்டிக்கொண்டது. என் பேர்கள் எப்போதும் நன்றாக ஒட்டும்.

பிறகு எனக்கு அவளைப் பார்த்துப் பாவமாக இருந்தது. நான் செய்த கெடுதல்களை எல்லாம் கணக்கெடுத்தால் முக்கால்வாசி, எனக்கு யார் மேலாவது பாவம் வந்த அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

"பாவம், அந்தப் பொண்ண வெளிய வுடுங்க," என்று அவள் சித்தியிடம் கேட்டேன். "வெயில்ல இல்ல, மர நெழல்ல. கொட்டாயிக்கா போவுது? நம்ம வூட்டுப் புள்ளைங்க கூடத்தான?"

"கண்ணுக்கு ஏதாச்சும் வந்துச்சின்னா?"

"நம்ம பசங்க ஒருத்தனும் கொட்டாயி பக்கம் போவல. கண்ணு நோவு எங்கேர்ந்து வரும்? நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கறீங்கன்னா சரி," என்றாள். அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு தடவை நான் தமாஷ் பேசவில்லை என்று நம்பினாள்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். மற்ற எட்டும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பச்சைக்குதிரை தாண்டினால் கவுன் அழுக்காகும் என்றார்கள். கில்லி ஆடினால் அவளுக்கு அடிக்கத் தெரியாது என்றார்கள். "நீ கப்பலுக்கே போ" என்றான் என் மகன். அப்போதுதான் நான் கண்ணாமூச்சியைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு ஆள் எப்போதும் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று யோசித்தேன். நல்ல யோசனை. இன்றைக்கும் அதை நினைத்தால் நல்ல யோசனை என்றுதான் படுகிறது.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினேன். மூன்று சுற்று சுற்றிவிட்டதும் அவள் பிரெஞ்சில் இருபது எண்ண வேண்டும். அது எங்கள் முற்றத்துச் சட்டம். கப்பலில் உதவும் என்று அவளுக்காக நான் போட்டது. அன், தே, த்ருவா என்று அவள் எண்ணுவதற்குள் எட்டும் சிதறும். பிறகு கையைத் தட்டிக் கூப்பிடும். அவள் யாரையாவது பிடித்து, தடவிப் பார்த்து, யார் என்று பேரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பிடிபட்டவன் கண்ணைக் கட்டுவோம். தப்பாகச் சொன்னால் மறுபடியும் அவளே.

முதல் நாள் அவள் மூன்று பேரைக் கண்டுபிடித்தாள். ஜன்னலில் உட்கார்ந்து இத்தனை நாள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அல்லவா? யார் எப்படிக் கை தட்டுவார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். அவள் சிரிக்கிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

இரண்டாவது நாள் பிள்ளைகள் தந்திரம் கண்டுபிடித்தார்கள். சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தியின் வளையலைக் கழற்றி என் மகன் மாட்டிக்கொண்டான். அவள் தடவித் தடவிப் பார்த்துத் தப்பாகச் சொல்வாள். எட்டும் விழுந்து புரண்டு சிரிக்கும். அவள் திரும்ப எண்ணுவாள். முற்றத்தில் அப்படி ஒரு சிரிப்பை எந்தச் சினிமாவும் கொண்டுவந்ததில்லை. தட்டான்கள் தப்பின. வேப்பங்கொட்டை வேப்பமரத்திலேயே கிடந்தது. அம்மாக்கள் உள்ளே நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மூன்றாவது நாள் அவள் வளையலுக்கு ஏமாறவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தாள். "இது மாமா மவன்," என்றாள்.

நடுவர் நான். எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். என் மகனும் பார்த்தான், வாயைப் பிளந்துகொண்டு. இதற்கு முன் அவன் என்னை அப்படிப் பார்த்தது நண்டு வளையில்தான்.

"தப்பு!" என்றேன்.

எவ்வளவு பெரிய சிரிப்பு! அவளும் கொஞ்சம் சிரித்தாள், கட்டுக்குக் கீழே, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல். "இல்ல மாமா, காது அவனுதுதான்," என்றாள். "உன் கப்பல்லதான் அந்தக் காது போவுது," என்றேன். இன்னொரு சிரிப்பு. அன்றிலிருந்து ஒரு வாரம் அந்தத் துண்டு பெரும்பாலும் அவள் கண்ணில்தான் இருந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் சாதாரணக் கெட்ட மனிதனாகவே இருந்திருப்பேன். ஆனால் எனக்கும் வக்கான்ஸ். எனக்கும் பொழுது போகவில்லை. ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவராக இருந்து எனக்குப் படம் பார்க்க வேண்டும்போல் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் "மூலக்குளம் பக்கம் நுங்கு வெட்டுறாங்களாம், பசங்களுக்கு வண்டி செய்யணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மாட்டினி காட்சிக்குப் போனேன். தரை டிக்கெட்டில் கூட்டமான கூட்டம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். கதாநாயகிக்காக அழுகிறார் என்று நினைத்தேன். நானும் அழுதேன். வெயில், புழுக்கம், வியர்வை. துண்டால் அவரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் துண்டால்தான். "ஒரு நிமிசம் குடுங்கண்ணே" என்றார், கொடுத்தேன். நான் தாராளமானவன்.

திரும்பும்போது தெருமுனையில் விற்ற நுங்கைக் குலையோடு வாங்கிவந்தேன். தின்று முடித்த கோந்தை, அதாவது நுங்கின் வெறுங்கூடு, இரண்டை எடுத்து ஒரு குச்சியின் இரண்டு பக்கமும் குத்தினால் சக்கரம். கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. எட்டும் என்னைத் தோளில் தூக்காத குறை. "மூலக்குளத்துலேர்ந்து நடந்தேவா தூக்கினு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி விசிறினாள். வண்டி சலித்ததும் கண்ணாமூச்சி. அதே துண்டு.

மறுநாள் காலை என் இடது கண்ணில் மண் விழுந்த மாதிரி ஒரு உறுத்தல். தண்ணீரில் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்தேன். வெளியே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கே போனாய் என்ற கேள்வி வரும். மத்தியானம் அந்தத் துண்டை மடித்து அவள் கண்ணில் வைத்துப் பின்னால் இரண்டு முடிச்சு போட்டேன். அப்போது என் மனசில் எதுவுமே தோன்றவில்லை. தோன்றியது, தள்ளிவிட்டேன் என்று சொன்னால் என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாகக் காட்டும். தோன்றவே இல்லை.

டாக்டரைப் பார்க்க நாலு நாள் இருக்கும்போது காலையில் அவளுக்குக் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெந்நீர் வைத்துத் துடைத்துப் பிரித்தபோது உள்ளே பவழம் மாதிரி சிவப்பு. மூலைவீட்டில் எழுந்த சத்தத்துக்கு நாலு வீடும் முற்றத்துக்கு வந்தன.

சித்தி அவளை வாசல்படியில் உட்கார வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். முதுகில்தான். கண்ணில் படக்கூடாது என்று கவனமாக.

"எங்கடி போயி வாங்கினு வந்த? சொல்லுடி! இன்னும் நாலு நாளு! நாலு நாளு உன்னால கண்ண வச்சிக்கினு இருக்க முடியலியா?"

"எங்கயும் போவல, சித்தி."

"அப்ப வானத்துலேர்ந்து வந்துச்சா?"

அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் தன் பையனுடைய முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவனுக்கும் ஓரம் சிவந்திருந்தது. இன்னொன்றுக்கும். "இதுங்கிட்டேர்ந்து எல்லாத்துக்கும் பரவிடுச்சி!" என்று எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். யார் கண் முதலில் சிவந்ததோ அவள்தான் கொண்டுவந்தவள். முற்றத்துச் சட்டம் இதுவும்.

அவள் கண்ணைத் திறக்க முடியாமலே தலையைத் தூக்கினாள். என் குரல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக அதில்தானே பழகியிருந்தாள்.

"மாமாதான் கொட்டாயிக்குப் போனாரு," என்றாள். "துண்டு முடிச்சில டிக்கெட்டு இருந்துச்சி. பாதி டிக்கெட்டு. கண்ணு கட்டும்போது என் கையில தட்டுச்சி, ஆட்டம் முடிஞ்சி அவுத்துப் பாத்தேன். திருப்பி முடிஞ்சி வச்சிட்டேன்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அந்த முடிச்சை நான் முந்தின நாள்தான் கவனித்து, அந்தப் பாதிச் சீட்டை அடுப்பில் போட்டிருந்தேன்.

நான் தோளிலிருந்து துண்டை எடுத்து, நாலு மூலையையும் விரித்து உதறிக் காட்டினேன்.

"ஆமா, போனேன்," என்றேன். "கதாநாயகனா நடிக்க ஆள் தேடுனாங்க. என் மூக்கப் பாத்துட்டு, இது தெரயில அடங்காதுன்னு அனுப்பிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். எட்டுப் பிள்ளைகளும் சிரித்தன, கண் சிவந்தவையும் சேர்ந்து. "மூக்கு! மூக்கு!" என்று என் மகன் கத்தினான். சித்தி மட்டும் சிரிக்காமல் அந்தப் பெண்ணின் முதுகில் இன்னும் ஒன்று வைத்தாள். "பெரியவங்க மேல பழி வேற போடறியா?"

'கப்பல்காரி' என்ற பேர் அன்று சாயங்காலமே 'பொய்க்கப்பல்' என்று மாறியது. அது நான் வைத்ததல்ல. பிள்ளைகள் வைத்தது. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள்.

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினார்கள். குழந்தை பெற்றிருந்த ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். நாலு நாளில் போகிற நோவு இல்லை அது. ஆஸ்பத்திரிக்கு அவளைச் சித்தியோடு நானும் கூட்டிப்போனேன். டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்தார். அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இது சாதாரணக் கண்வலியா, வேற ஏதாவதான்னு இப்ப சொல்ல முடியாது. மூணு வாரம் கழிச்சிக் கூட்டிட்டு வாங்க."

"அய்யா, கப்பலு அடுத்த வாரம்," என்றாள் சித்தி.

"அதுக்குத்தான் கையெழுத்து கிடையாது. அடுத்த கப்பல்ல போகட்டும்." பிறகு குனிந்து பெண்ணிடம் கேட்டார்: "யாரோட துண்டையாவது சோப்பு போடாம வாங்கித் துடைச்சியா?"

அவள் என்னைப் பார்த்தாள். எரிச்சலில் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "தெர்ல," என்றாள்.

அவள் சொல்லியிருக்கலாம். டாக்டர் சிரித்திருக்க மாட்டார். அவள் அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டாளா, அல்லது இன்னொரு சிரிப்பை வாங்க அவளுக்கு முதுகில் இடமில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கப்பல் மழைக்காலத்துக்குப் பிறகுதான். அதற்குள் கூடப் போக ஆள் கிடைக்க வேண்டும், காகிதங்கள் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சித்தி, எட்டில் ஒருத்தியான தன் சொந்த மகளுக்கு அந்த நீலக் கவுனைப் போட்டுக் கோயிலுக்கு அனுப்பினாள். "அடுத்த கப்பலுக்குள்ள இவ வளந்துடுவா. துணி வீணாப் போவணுமா?" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. கவுன் எங்கள் முற்றத்தைக் கடந்துபோனபோது அந்தப் பெண் கிணற்றடியில் உட்கார்ந்து, கண்ணில் வைத்த பூவை எடுக்காமல் இருந்தாள். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபம்.

அன்றைக்கே நேரே மூலைவீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் நின்றேன்.

"அந்தப் பொண்ணு சொன்னது நெசம். நான் கொட்டாயிக்குப் போனேன். கண்ணு நோவு எனக்குத்தான் மொதல்ல வந்துச்சி. என் துண்டுலேர்ந்துதான் அதுக்கு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். கையெழுத்து இல்லை என்று ஆனதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"போங்க வாத்தியாரே, உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான். மூக்கு தெரயில அடங்கலியா?"

"இல்ல, நெசமாத்தான்..."

"மூக்க வச்சிக்கினு நெசம் வேற," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். உள்ளே யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது. அங்கேயும் ஒரு சிரிப்பு.

நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். அழுதிருக்கலாம். துண்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். துண்டை என் மனைவி வேகவைத்து வெளுத்துக் காயப்போட்டிருந்தாள். பனி மாதிரி வெள்ளையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பசி இருந்தது.

கப்பல் வந்த அன்று கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலில் நின்றது. படகில்தான் ஆளும் சாமானும் ஏறும். எட்டுப் பிள்ளைகளும் கண் சரியாகி, பூவரசம் பீப்பி ஊதிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிட்டன. முற்றத்தில் நானும் அவளும்தான். அவள் கண் இன்னும் கொஞ்சம் ரோஜா நிறத்தில் இருந்தது.

"கப்பலப் பாக்கப் போவலியா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத ஆள் நான்தான்.

"வெளையாடலாமா மாமா? ரெண்டு பேருதான்," என்றாள். "இந்தத் தடவ நீங்க கட்டிக்கிங்க."

கொடியிலிருந்து துண்டை அவளே எடுத்துவந்தாள். என்னைக் குனிய வைத்து, மடித்துக் கண்ணில் வைத்து, பின்னால் இறுக்கி இரண்டு முடிச்சு போட்டாள். நான் போடுவது மாதிரியே. மூன்று சுற்று சுற்றிவிட்டாள். "பிரெஞ்சில எண்ணுங்க. இருவது இல்ல, நூறு."

எனக்கு நூறு வரை வராது என்பது அவளுக்குத் தெரியும். அறுபதுக்கு மேல் எப்போதும் குழம்புவேன். குழம்பிக் குழம்பி எண்ணினேன். நன்றாக இருந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாமே கேட்காமல், ஒரு துண்டு வழியாகவே முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். நூறு என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தேன். கிணற்றுச் சுவரில் இடித்தேன். மரத்தைத் தடவினேன். கை தட்டுகிற சத்தம் எங்கேயும் இல்லை. "கை தட்டும்மா, அதான் சட்டம்," என்று கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து என் மனைவி கதவைத் திறந்து, "யாரத் தேடறீங்க? அங்க ஒருத்தரும் இல்லியே," என்றாள்.

முடிச்சு அவிழவில்லை. மனைவிதான் அவிழ்த்தாள். நான் துண்டைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். அந்தப் பெண் படகில் ஏறப் பார்ப்பாள், தண்ணீரில் இறங்குவாள் என்று என்னென்னவோ தோன்றியது. இந்தத் தடவை எல்லாம் தோன்றியது.

அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள், மற்ற பிள்ளைகளுக்கு எட்டத்தில். முழங்காலைக் கட்டிக்கொண்டு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படகு போய்க்கொண்டிருந்தது. அதில் அவளைக் கூட்டிப்போவதாக இருந்த குடும்பம், எல்லாரும் தொப்பியோடு. மூச்சு வாங்க நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் மூச்சை வைத்தே யார் என்று தெரிந்திருக்கும்.

"மாமா," என்றாள். "சரியாச் சொன்னேனா?"

"சரி," என்றேன். "சரியாச் சொன்ன."

"நூறு முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி."

"கப்பலு இன்னும் போவலியே," என்றாள். "திருப்பிக் கண்ண மூடிக்கினு எண்ணுங்க. போனப்புறம் சொல்றேன்."

நான் மணலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். துண்டு இல்லாததால் கையால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் எட்டுப் பிள்ளைகளும் பீப்பி ஊதிக்கொண்டு ஈர மணலில் வளை தோண்டின. அவ்வளவு சந்தோஷமாக அந்த விடுமுறையில் அவர்களை நான் பார்த்ததில்லை. அறுபதுக்கு மேல் குழம்பினேன். திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அவள் சொல்லவே இல்லை.